பகுதி நேரமாகத் தொடங்கலாமா? ரெக்ரூட்டரிடம் கேட்கும் முறை

பக்கவாதத்தில் விழுந்த தாயையோ, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தையையோ பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர்கள், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும்போது முதல் நாளிலிருந்தே முழு நேரம் வேலை செய்ய முடிவதில்லை. முதலில் அரை நாள், பிறகு முக்கால் நாள், கடைசியில் முழு நாள் என்று படிப்படியாகக் கூட்டிக்கொள்வதே அவர்களில் பலருக்கு ஒத்துவரும். இதை நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் இடம், வேலை பற்றிப் பேச அழைக்கும் ரெக்ரூட்டர்தான்.

இந்தியாவில் தனியார் வேலையில் சேருகிற ஒருவர் பகுதி நேரத்தை உரிமையாகக் கோர வழிசெய்யும் பொதுவான சட்டம் இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தமும், விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வதை நிறுவனமும் ஊழியரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்ற அளவில்தான் இருந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல் ஊழியர் வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நேர மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே அப்படி ஒரு பிடிமானம் இல்லாததால், எல்லாமே பேச்சுவார்த்தையைப் பொறுத்தது.

எதிரே பேசுபவர் யார்?

ரெக்ரூட்டர்கள் இரண்டு வகை. ஒருவர் நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவிலேயே சம்பளம் வாங்குபவர். மற்றவர் கன்சல்டன்சியைச் சேர்ந்தவர். ஆள் சேர்ந்தால்தான் அவருடைய அலுவலகத்துக்குக் கட்டணம் கிடைக்கும். இருவருக்குமே பகுதி நேரத்தை அனுமதிக்கும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. முடிவெடுப்பவர் அந்தப் பிரிவின் மேலாளர். அவர் சொன்ன வரையறைக்குள் ஆள் தேடுவதுதான் ரெக்ரூட்டரின் வேலை. ஆகவே, கோரிக்கை அவர் மேலாளரிடம் அப்படியே எடுத்துச் சொல்லக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். "கொஞ்சம் ஃபிளெக்சிபிளாக இருந்தால் நல்லது" என்பதை அவரால் எடுத்துச் செல்ல முடியாது. "முதல் மூன்று மாதம் வாரத்துக்கு 20 மணி நேரம்" என்பதை முடியும்.

கன்சல்டன்சி ரெக்ரூட்டரின் தயக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. இந்தியாவில் பல இடங்களில் கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். சம்பளம் பாதியானால் கட்டணமும் பாதியாகும். சேர்ந்தவர் 90 நாள் போன்ற ஒரு காலத்துக்குள் விலகிவிட்டால், கட்டணமில்லாமல் வேறு ஆள் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். பராமரிப்புப் பொறுப்பு உள்ளவர் பாதியில் போய்விடுவாரோ என்ற பயம் அங்கிருந்துதான் வருகிறது. படிப்படியான திட்டம் இந்த இரண்டு கவலைகளுக்கும் பதில் சொல்கிறது. சம்பளம் சில மாதங்கள்தான் குறைவாக இருக்கும். முடியாத பாரத்தை முதல் நாளே ஏற்றுக்கொண்டு விலகிப் போகும் ஆபத்தும் குறையும்.

எப்போது கேட்பது?

முதல் அழைப்பிலேயே, வேலை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, வாய்ப்பு உண்டா என்பதை மட்டும் கேட்பது நல்லது. மூன்று நேர்காணல் முடிந்து ஆஃபர் லெட்டர் தயாராகும் நேரத்தில் இதைச் சொன்னால், மறைத்துவிட்டார் என்ற எண்ணம் வந்துவிடும். மாறாக, முதல் வாக்கியமாகவே சொன்னால், அனுபவத்தைக் கேட்பதற்கு முன்பே பெயர் பட்டியலிலிருந்து போய்விடலாம்.

கேள்வி இவ்வளவு நீளம் இருந்தால் போதும்: "சார், இந்த வேலைக்கு என் அனுபவம் பொருந்தும் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருப்பதால், முதல் ஆறு மாதம் குறைந்த நேரத்தில் தொடங்கி முழு நேரத்துக்கு வர விரும்புகிறேன். மேலாளர் இதற்கு ஒத்துக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? ஒரு பக்கத்தில் திட்டம் எழுதி அனுப்புகிறேன்." நோயின் பெயர், மருத்துவ விவரம், குடும்பச் சூழல் எதுவும் இதில் வேண்டியதில்லை. விரிவான பேச்சு முதல் நேர்காணலுக்குப் பிறகு, மேலாளருக்கு ஆர்வம் வந்த நிலையில் நடந்தால் பலன் அதிகம்.

ஒரு திட்டத்தை எழுதிப் பார்ப்போம்

சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வாரத்துக்கு 5 நாள், 40 மணி நேரம், மாதம் 50,000 ரூபாய். விண்ணப்பிப்பவர் மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வருகிறார். தாய்க்கு வீட்டில் பிசியோதெரபி நடப்பதால் காலை நேரம் அவருக்கு முடியாது. அவருடைய திட்டம் இது: முதல் 3 மாதம் வாரத்துக்கு 20 மணி நேரம், 25,000 ரூபாய், அடுத்த 3 மாதம் 30 மணி நேரம், 37,500 ரூபாய், ஏழாம் மாதத்திலிருந்து முழு நேரம், முழுச் சம்பளம். முதல் ஆண்டில் மொத்தம் 4,87,500 ரூபாய் வருகிறது. முழு நேரமாக இருந்தால் 6 லட்சம். கன்சல்டன்சியின் கட்டணம் ஏறத்தாழ 50,000-லிருந்து 40,600-க்குத்தான் குறைகிறது, பாதியாகவில்லை. இந்தக் கணக்கைக் காட்டினால் ரெக்ரூட்டரின் தயக்கம் பெருமளவு விலகும்.

மேலாளரின் கவலை வேறு: வேலை குவியும் நாளில் ஆள் இருப்பாரா? கணக்குப் பிரிவில் அந்த நாட்கள் முன்பே தெரிந்தவை. மாதக் கடைசியில் கணக்கு முடித்தல், வழக்கமாக 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ்., 11-இல் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 15-இல் பி.எஃப்., 20-இல் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்று மாதம் வகுத்து வைத்ததுபோல் ஓடும். எனவே "தினமும் நான்கு மணி நேரம்" என்று கேட்பதைவிட, மணிகளை மாதக் கணக்கில் வைத்துக்கொள்வது மேல். 22 வேலை நாளுக்கு நான்கு மணி வீதம் 88 மணி நேரம். இதில் மாத முடிவை ஒட்டிய 5 நாள் முழு நாளாக வந்தால் 40 மணி நேரம் ஆகிறது. அந்த 5 நாள் காலையில் தாயைப் பார்த்துக்கொள்ள உறவினரை ஏற்பாடு செய்தாக வேண்டும். மீதி 48 மணி நேரத்தை 12 பிற்பகல்களாக, வரி கட்டும் தேதிகளைச் சுற்றி வைக்கலாம். மிச்சமிருக்கும் 5 நாளும் விடுமுறை. மேலாளருக்குத் தேவையான நாட்களில் ஆள் இருக்கிறார். வீட்டுக்கும் நேரம் கிடைக்கிறது.

மூன்றாவதாக எழுத வேண்டியது, பாதி நேரத்தில் எந்த வேலைகள் தன்னுடையவை என்பது. முதல் மூன்று மாதம் சப்ளையர் பில் சரிபார்ப்பும் வங்கிக் கணக்கு ஒப்பிடுதலும் மட்டும், அடுத்த கட்டத்தில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று பிரித்துக் காட்டலாம். இதை எழுதாமல் விட்டால் சம்பளம் பாதியாகவும் வேலை முழுதாகவும் ஆகிவிடும். பகுதி நேரத்தில் அதிகம் நடக்கும் கோளாறு இதுதான். நேர்காணலில் ஒரு கேள்வியே இதைக் காட்டிக்கொடுக்கும்: "மீதி வேலையை யார் பார்ப்பார்கள்?" மேலாளரிடம் ஒரு பெயரோ ஏற்பாடோ இருந்தால் சரி. "பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொன்னால், அந்த மீதி வேலை பகுதி நேரத்தில் வருபவர் தலையில்தான் விழும்.

ஒரு வேலை, இருவர்

ஒரே பதவியை இருவர் பகிர்ந்துகொள்வது இந்தியாவில் இன்னும் அரிது. சில பதவிகளில் தினமும் யாராவது இருந்தே ஆக வேண்டும். அங்கே பகுதி நேரம் முடியாது என்றால் இது ஒரு வழி. ஒருவர் திங்கள் முதல் புதன் மதியம் வரை, மற்றவர் புதன் மதியம் முதல் வெள்ளி வரை என்று நாட்களைப் பிரித்துக்கொள்ளலாம். புதனன்று இரண்டு மணி நேரம் இருவரும் சேர்ந்திருந்து பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அப்போது ஆளுக்கு 21 மணி நேரம், மொத்தம் 42. நிறுவனத்துக்குச் சம்பளச் செலவு 5 சதவீதம் கூடும். மடிக்கணினி, காப்பீடு, பயிற்சி ஆகியவையும் இருவருக்கும் வேண்டும். ரெக்ரூட்டர் இதை மறைக்காமல் மேலாளரிடம் சொல்லட்டும். ஒருவர் விடுப்பில் போனாலும் வேலை முழுதாக நின்றுவிடாது என்பது அந்தச் செலவுக்குக் கிடைக்கும் பலன்.

இதில் முட்டுக்கட்டை பெரும்பாலும் நிறுவனத்தின் உள் ஏற்பாடுதான். ஒரு பதவிக்கு ஓர் ஆள் என்றே ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். இரண்டு அரை ஆட்களாகப் பதிவு செய்ய முடியுமா என்று எச்.ஆரிடம் கேட்கும்படி ரெக்ரூட்டரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். துணையைத் தேடிக்கொண்டு ஜோடியாகவே விண்ணப்பிப்பது சுலபம். பாதிப் பதவிக்குப் பொருத்தமான இன்னொருவரை ரெக்ரூட்டர் தேடிப் பிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கணக்கு வேலையில் இருவரும் ஒரே பாஸ்வேர்டில் புழங்கக் கூடாது. வங்கித் தளத்தில் பணம் அனுப்பப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்ற முறை கலைந்துவிட்டால், தவறு யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. துணை விலகினால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேச வேண்டும்: மற்றவர் முழு நேரத்துக்கு மாறுவாரா, புதிய துணை வரும்வரை எத்தனை வாரம் தாங்குவார் என்பன.

எழுத்தில் இருக்க வேண்டியவை

ரெக்ரூட்டர்கள் சில சமயம் மாற்று வழி சொல்வார்கள்: "மேடம், பகுதி நேரம் முடியாது, கன்சல்டன்டாக வரலாம்." இது வேறொரு ஏற்பாடு. கன்சல்டன்ட் ஊழியர் அல்ல. பி.எஃப்., சம்பளத்துடன் விடுப்பு, குழுக் காப்பீடு ஆகியவை பொதுவாக இருக்காது; பில் தொகையில் டி.டி.எஸ். பிடிக்கப்படும். நேரம் வசதியாக இருக்கிறதென்று ஒப்புக்கொள்ளும் முன், இவற்றையும் கணக்கில் சேர்த்து மாதத் தொகையைப் பேச வேண்டும்.

பகுதி நேர ஊழியராகவே சேர்ந்தாலும் இரண்டு விஷயங்களைக் கேட்டாக வேண்டும். ஒன்று, பி.எஃப். பகுதி நேரம் என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுக்க முடியாது. முந்தைய வேலையில் கணக்கு இருந்தால் அதே யு.ஏ.என். எண் தொடரும். இரண்டு, குழு மருத்துவக் காப்பீடு. பல நிறுவனங்களில் அது முழு நேர ஊழியருக்கு மட்டும் இருக்கும். பெற்றோரைச் சேர்ப்பதற்குத் தனி விதி இருக்கும். தாயைப் பராமரிப்பவருக்குச் சம்பளத்துக்கு நிகரான கேள்வி இது.

கடைசியாக, ஆஃபர் லெட்டர். "முதலில் முழு நேரமாகச் சேருங்கள், பிறகு பார்க்கலாம்" என்ற வாய்மொழி உறுதி, மேலாளர் மாறினால் போய்விடும். கடிதத்தில் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத் தேதி, மணி நேரம், சம்பளம், அந்தக் கட்டத்தின் வேலைகள் ஆகியவை இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வாரம் முன்பு இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் தேதியும், வீட்டு நிலைமை மோசமானால் அதே கட்டத்தில் மேலும் ஒன்றிரண்டு மாதம் நீடிக்கலாம் என்ற வரியும் சேர்ந்தால் நல்லது. இவை கடிதத்தில் வரும்வரை, வேறு இடத்தில் நடக்கும் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை.