படத்தாள் தொலைந்த புத்தக அலமாரி

பலகைகளாகப் பெட்டியில் வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் புத்தக அலமாரி. படத்தாளைக் காணோம். அதே அலமாரியை வாங்கிய மச்சானுக்கு போன் போகிறது. அவர் தன் தாளைப் பார்த்துக்கொண்டே, "வலப்பக்கம் ரெண்டு ஓட்டை இருக்குல்ல, அந்தப் பலகைய எடு மாப்ளே" என்கிறார். எந்தப் பக்கப் பலகையையும் திருப்பிப் போட்டால் வலம் இடமாகிவிடும். அதனால் வலம், இடம் என்ற பேச்சை விட்டுவிட்டு, பலகையிலேயே இருக்கும் அடையாளங்களைச் சொல்வதுதான் வழி.

120 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம் உள்ள ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம். பலகையின் கனம் 16 மி.மீ. பக்கப் பலகை இரண்டும் நீளமானவை, பார்த்ததும் தெரியும். குழப்பம் தருபவை குறுக்குப் பலகைகள்தான். டேப்பால் அளந்தால் ஒன்று 60 செ.மீ. இருக்கிறது, மற்றவை 56.8. இடைவெளி 3.2 செ.மீ., அதாவது இரண்டு பலகைக் கனம். ஆக, 60 செ.மீ. பலகை பக்கப் பலகைகளின் தலைமேல் உட்காரும் கூரை. மற்றவை இரண்டுக்கும் நடுவே நுழைபவை. படம் காட்ட வேண்டிய பெரிய செய்தி ஒன்றை டேப்பே சொல்லிவிட்டது.

அடுத்து விளிம்பு. வழவழப்பான பட்டை ஒட்டிய நீள விளிம்பு முன்பக்கம், மரத்தூள் தெரியும் விளிம்பு பின்பக்கம். நாலு விளிம்பிலும் பட்டை இருந்தால் காடியைத் தேடுங்கள். பின் விளிம்பையொட்டி நீளமாக ஓடும் அந்த ஒல்லியான பள்ளத்தில்தான் 3 மி.மீ. முதுகு அட்டை இறங்கும். காடி இருக்கும் முகம் உள்பக்கம். இனி போனில், "பட்டை உன் பக்கம், காடி சுவர்ப் பக்கம்" என்றால் போதும், இருவரும் ஒரே பலகையை ஒரே மாதிரி பிடித்திருப்பார்கள்.

ஓட்டைகளில் மூன்று ரகம். பலகையின் முகத்தில், ஓரத்தையொட்டி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டக் குழி இருந்தால் அது மினிஃபிக்ஸ் பூட்டுக்கானது. சுமார் 15 மி.மீ. விட்டம் இருக்கும். அதற்கு நேரே பலகையின் முனை விளிம்பிலிருந்து ஒரு துளை அந்தக் குழிக்குள் போகும். எதிர்ப் பலகையின் முகத்தில் உள்ள சின்ன 5 மி.மீ. துளையில் போல்ட் முறுக்கப்படும். குழிக்குப் போய்ச் சேராத 8 மி.மீ. துளைகள் மரக்குச்சிக்கானவை. பக்கப் பலகையில் ஒரே சீராக வரிசைகட்டி நிற்கும் துளைகள் தட்டைத் தாங்கும் முளைகளுக்கு, அவற்றை இப்போது தொட வேண்டாம். பூட்டுக் குழி தெரியாத முகமே பார்வைக்கு வரும் என்பதால், நடுத்தட்டின் குழிகள் கீழ்நோக்கி இருக்கும்.

வரிசையும் இப்படியே பிடிபடும். முன்பக்க அடிப்பட்டையில் மரக்குச்சித் துளை மட்டும்தான், பூட்டு இல்லை. அப்படியென்றால் இரண்டாவது பக்கப் பலகையை மூடும் முன்பே அது நடுவில் உட்கார்ந்தாக வேண்டும். பிறகு சொருகினால் நுழையாது. முதுகு அட்டை காடியில் மேலிருந்து இறங்குவதால் கூரை கடைசி. எனவே ஒரு பக்கப் பலகையைத் தரையில் கிடத்தி, அதில் அடித்தட்டு, நடுத்தட்டு, அடிப்பட்டை மூன்றையும் நிறுத்தி, மறு பக்கத்தை மேலே வைத்துப் பூட்டி, நிமிர்த்தி, அட்டையை இறக்கி, கூரையைப் போட வேண்டும். காடி இல்லாமல் அட்டையை ஆணியடிக்கும் ரகமானால் அது கூரைக்கும் பின்னால்தான். அடிக்குமுன் மூலைக்கு மூலை இரண்டு குறுக்கிலும் அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அலமாரி இணைகரமாகிவிட்டது.

கெடுவது பெரும்பாலும் பூட்டில். பூட்டின் வாய் பலகை விளிம்பைப் பார்த்திருக்க வேண்டும், போல்ட்டின் தலை அதற்குள் வந்தபின் கடிகாரத் திசையில் அரைச் சுற்று. திருப்பும்போது எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் தலை உள்ளே வரவில்லை. போல்ட்டை அதிகம் முறுக்கிவிட்டீர்களா, பலகை முழுதாக நெருங்கவில்லையா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரில் பலத்தைக் காட்டினால் மரத்தூள் பலகை பிளந்துவிடும், அதைத் திரும்ப ஒட்டுவது ஆசாரிக்கும் தலைவலி.

முடிந்தபின் எண்ணிப் பாருங்கள். அடித்தட்டு, நடுத்தட்டு, கூரை மூன்றுக்கும் முனைக்கு இரண்டு வீதம் 12 பூட்டு. கையில் ஒன்று மிஞ்சியிருந்தால் எங்கோ ஒரு குழி காலி. மிஞ்சியது சின்ன எல் வடிவத் தகடு என்றால் அது சுவரில் இழுத்துக் கட்டுவதற்கு. குழந்தைகள் ஏறும் வீட்டில் அதைப் பொருத்தாமல் விடக்கூடாது.