நாற்பத்தெட்டு கமெண்ட், எண்ணினால் நாற்பத்து நான்கு

யூடியூப் வீடியோவின் கீழே 48 கமெண்ட் என்று போட்டிருக்கிறது. கடைசி வரை இறக்கிப் பார்த்தால் 31தான் தேறுகிறது. மீதி 17ஐயும் யாரோ அழித்துவிட்டார்கள் என்ற முடிவுக்குப் பலர் உடனே வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறு.

அந்த 48இல் பதில்களும் சேர்த்தி. ஒருவர் நேரடியாக எழுதியதும் ஒரு கமெண்ட், அதற்கு இன்னொருவர் சொன்ன பதிலும் ஒரு கமெண்ட். ஆனால் பதில்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கும், தட்டினால்தான் விரியும். நம் வீடியோவில் மூன்று கமெண்டுகளின் கீழே 9, 4, 2 என்று பதில் எண்ணிக்கை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 15. முப்பத்தொன்றோடு கூட்டினால் 46 வந்துவிடுகிறது. இன்னும் இரண்டுதான் குறை.

இப்போது அந்த ஒன்பதைத் தட்டுங்கள். ஏழுதான் வருகிறது! இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மென்பொருள் எழுதுவோருக்கு யூடியூப் தரும் தகவலில் `totalReplyCount` என்றொரு எண் உண்டு. அதன் விளக்கம், அந்தக் கமெண்டுக்கு வந்துசேர்ந்த பதில்களின் மொத்தம் என்கிறது. வந்துசேர்ந்தது வேறு, உங்கள் கண்ணுக்குக் காட்டப்படுவது வேறு.

நடுவில் சிக்குபவை எவை? யூடியூபின் வடிகட்டி சந்தேகப்பட்டு நிறுத்திவைத்தவை, இணைப்பு இருந்ததால் நின்றவை, சேனல்காரர் தடைசெய்த சொல் உள்ளவை. சேனல்காரர் தன் ஸ்டூடியோ பக்கத்தில் இவற்றைப் பார்த்து அனுமதிக்கலாம், நீக்கலாம். வடிகட்டி பிடித்தவை 60 நாள் வரை அங்கே காத்திருக்கும். ஒருவரையே சேனலில் மறைத்துவைக்கவும் வழி உண்டு. அப்படி மறைக்கப்பட்டவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. அவர் எழுதியது அவர் திரையில் வழக்கம்போல இருக்கும், வேறு யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், அழிப்பதைவிட இது கொஞ்சம் கொடுமை. உங்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்தால், கணக்கிலிருந்து வெளியேறி அல்லது பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் அதே வீடியோவைத் திறந்து, வரிசையைப் புதியவை முதலில் என்று மாற்றித் தேடிப்பாருங்கள்.

மறைநிலையில் தேடியும் நம் கணக்கு 31 கூட்டல் 13, அதாவது 44தான். மிச்சம் நான்கில் எது நிறுத்தப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று பார்வையாளரால் சொல்ல முடியாது. மேலே உள்ள எண் உடனுக்குடன் திருத்தப்படாததால், நேற்று நீக்கியதும் சில நேரம் கணக்கில் இருக்கும்.

எண் தடாலென்று பத்து குறைந்தால் மட்டும் ஒரு காரணத்தை ஊகிக்கலாம். ஒன்பது பதில் வாங்கிய அந்தக் கமெண்டை எழுதியவரே நீக்கியிருப்பார். தாய்க் கமெண்ட் போனால் அதன் கீழிருந்த எல்லாப் பதில்களும், யார் எழுதியதானாலும், கூடவே போய்விடும்.