விமானப் பராமரிப்புப் பயிற்சிக்கு ஒரு விண்ணப்பக் கடிதம்

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர் விமான நிறுவனமொன்றில் பராமரிப்புப் பிரிவு அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, சான்றிதழ் நகல்களுக்கு மேலே ஒரு கடிதம் வைப்பது வழக்கம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கடிதம்தான். மதிப்பெண் பட்டியல் சொல்லாத ஒன்றை அது சொல்ல வேண்டும்: இவர் கையில் வேலை கொடுத்தால் எப்படிச் செய்வார்?

அப்ரண்டிஸ் உதவியாளராகவே வேலை பார்ப்பார். வேலை முடிந்து விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் உரிமை, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற பொறியாளருக்கே உண்டு. அதனால் “எந்த என்ஜினையும் தனியாகப் பழுதுபார்ப்பேன்” என்று எழுதுவது தன்னம்பிக்கையாகத் தெரியாது. இந்தத் துறையின் அடிப்படை விதியே தெரியாதவர் என்றுதான் காட்டும்.

“கடின உழைப்பாளி, விமானங்கள் மீது தீராத ஆர்வம்” என்பதை யாரும் எழுதலாம். செய்த ஒரு வேலையைச் சொல்வதே பலம். டீசல் என்ஜின் பணிமனையில் பயிற்சி பெற்ற மாணவர் இப்படி எழுதலாம்: “சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி, டார்க் ரெஞ்ச் கொண்டு மூன்று கட்டமாக முறுக்கினேன். ஒரு போல்ட்டின் மரை சிதைந்திருந்தது. வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரிடம் சொன்னேன். வேறு போல்ட் போட்டோம், பதிவேட்டிலும் எழுதினோம்.”

இது விமானமே இல்லாத அனுபவம். ஆனாலும் படிக்கும் பொறியாளருக்கு வேண்டியது இதில் இருக்கிறது. அளவுக்கு மீறி முறுக்கிய போல்ட் நீண்டு பலமிழக்கும். குறைவாக முறுக்கியது அதிர்வில் தளரும். அதனால்தான் விமானப் பராமரிப்பில் கைப்பழக்கத்தை நம்பாமல் கையேட்டின் அளவையே பின்பற்றுகிறார்கள். சிதைந்த மரையை மறைக்காமல் சொன்னது அதைவிடப் பெரிய தகுதி. தான் செய்த தவறையும் உடனே சொல்பவரைத்தான் விமானத்தின் அருகே விட முடியும்.

கடைசிப் பத்தியில் இரவு ஷிஃப்டுக்கும் வெளியூர்ப் பணிக்கும் தயார் என்றால் அதைச் சொன்னால் போதும். அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆகவே நிரந்தர வேலை பற்றிய கேள்விக்குக் கடிதத்தில் இடமில்லை.

தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் முன்னால் ஓரெழுத்து, ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், கடிதத்தில் இரண்டுமே இல்லை என்று பெயர் மூன்று விதமாக நிற்கும். விமான நிலையத்தின் பாதுகாப்புப் பகுதிக்குள் செல்ல நுழைவு அனுமதி அட்டை வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பு முடியாமல் அது கிடைக்காது. பெயர் ஒத்துப்போகாவிட்டால், தேர்வானவர்கூட வாசலுக்கு வெளியே காத்திருக்க நேரும்.