இரண்டு அட்டை, ஒரு பில்

எங்கள் தெருவில் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். வயது 71. ஒரு நாள் காலையில் வெறும் உறையோடு வந்து நின்றார். "சார், ஒரிஜினல் பில் எல்லாத்தையும் இன்சூரன்ஸ்காரங்ககிட்ட குடுத்துட்டேன். ஜெராக்ஸ் எடுத்து வைக்கணும்னு தோணல. இப்ப சிஜிஎச்எஸ்ல எதைக் காட்டுறது?" என்றார். மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சிஜிஎச்எஸ் ஒன்று, தனியார் பாலிசி ஒன்று என்று இரண்டையும் பல வருடங்களாக வைத்திருந்தவர் அவர். எதை முதலில் தொடுவது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அரசு அட்டையின் பலம்

ஓய்வு பெற்றபின் மாதச் சந்தாவைப் பத்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால் சிஜிஎச்எஸ் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். மாதம் 650 ரூபாய் பிரிவில் இருந்தவருக்கு அது 78,000 ரூபாய். வயது கூடியதென்று கட்டணம் ஏறாது. பழைய சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எதையும் ஒதுக்காது. மாதாமாதம் மாத்திரையும் டிஸ்பென்சரியிலேயே கிடைக்கும். சாதாரண தனியார் பாலிசியில் இந்த மாத்திரைச் செலவு வரவே வராது. எழுபது வயதில் மருந்துக்குத்தான் விடாமல் பணம் போகிறது என்பதால், இந்த அட்டையை யாரும் விட்டுவிடக் கூடாது என்பேன்.

ஆனால் பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான் ஓய்வூதியருக்குப் பணமில்லாச் சிகிச்சை. பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரத்துக்குச் சேர்ந்தால், நாம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். அதுவும் சிஜிஎச்எஸ் நிர்ணயித்த கட்டணம் வரைதான் கிடைக்கும். தனியார் பாலிசி கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

பெங்களூரில் ஓர் இரவு

நம் நண்பர் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தபோது நள்ளிரவில் நெஞ்சுவலி. பக்கத்து மருத்துவமனை சிஜிஎச்எஸ் பட்டியலில் இல்லை. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 3,20,000 ரூபாய்.

அவருடைய பாலிசி 3 லட்சத்துக்கு. அதில் அறை வாடகை ஒரு நாளைக்குத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரைதான் என்று ஒரு வரி இருந்தது. ஐசியுவிலிருந்து வந்தபின் மகள் 6,000 ரூபாய் அறை எடுத்தார். கூடுதல் வாடகை மட்டும் கையைக் கடிக்கும் என்று நினைத்தார்கள். அப்படியில்லை. வரம்பைப் போல இரு மடங்கு அறை என்பதால், அந்த அறையோடு சேர்ந்து வந்த மருத்துவர் கட்டணம், நர்சிங் கட்டணம் போன்றவையும் பாதியாகக் குறைந்தன. மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைகளுக்கு இந்த வெட்டு இல்லை. நோயாளி ஏற்க வேண்டிய பத்து சதவீதமும் கழிந்து, பாலிசி தந்தது 2,10,000 ரூபாய். மீதி 1,10,000.

மீதியை வாங்கும் முறை

இரண்டு இடத்திலும் கேட்க ஓய்வூதியருக்கு உரிமை உண்டு. முதலில் இன்சூரன்ஸ், பிறகு சிஜிஎச்எஸ் என்பதுதான் வரிசை. இரண்டும் சேர்ந்து மொத்தச் செலவைத் தாண்டக் கூடாது. அந்தச் சிகிச்சைக்கு சிஜிஎச்எஸ் கணக்குப்படி 1,45,000 ரூபாய் வருகிறதென்றால், மீதமுள்ள 1,10,000 முழுவதும் கிடைக்கும். கணக்கு 80,000 என்றே வந்தால் அவ்வளவுதான் கிடைக்கும்; 30,000 கைப்பணம்.

நண்பர் தடுக்கி விழுந்தது காகிதத்தில். ஒரிஜினல் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இருக்கும் என்பது சிஜிஎச்எஸ்ஸுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கம்பெனி சான்றளித்த பில் நகல்களையும், எவ்வளவு கொடுத்தோம் என்ற அதன் கடிதத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அவசர நிலை தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மருத்துவமனையிடம் அவசரச் சான்றிதழும் வாங்கிக்கொள்ள வேண்டும். வீடு திரும்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சொந்த டிஸ்பென்சரியில் கொடுத்துவிட வேண்டும். கம்பெனியிடமிருந்து சான்றளித்த நகல் வரவே நண்பருக்கு ஏழு வாரம் போயிற்று. நல்லவேளை, கெடுவுக்குள் சேர்த்துவிட்டோம்.

எப்போது எதை எடுப்பது

கண்புரையோ மூட்டு மாற்றோ, திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை என்றால், உள்ளூரில் பட்டியல் மருத்துவமனையில் சிஜிஎச்எஸ் அட்டையையே நீட்டுங்கள். பாலிசியின் தொகையும் நோ கிளெய்ம் போனஸும் அப்படியே இருக்கும். வெளியூர் அவசரத்துக்கும் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கும் பாலிசியை வைத்துக்கொள்ளுங்கள்.

வருடக் கணக்காகக் கட்டிவந்த பாலிசியை, பிரீமியம் ஏறுகிறதென்று சட்டென நிறுத்த வேண்டாம். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். கட்ட முடியாத அளவு ஏறினால், தொகையைக் குறைத்துத் தொடர முடியுமா என்று கம்பெனியிடம் கேளுங்கள். புதுப்பிக்கும்போது அந்த அறை வாடகை வரியைத் தேடிப் படித்துவிட்டு, எத்தனை ரூபாய் அறை எடுக்கலாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். படுக்கையில் கிடப்பவரிடம் அன்றிரவு யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.