'ம்' என்றால் சம்மதமா?

"தங்களிடமிருந்து சேகரிக்கப்படும் தகவல்கள் ஆய்வு நோக்கத்திற்காக மட்டுமே பயன்படுத்தப்பட்டு, மூன்றாம் நபர் எவருக்கும் வெளியிடப்படாமல் இரகசியமாகப் பாதுகாக்கப்படும்."

தாளில் இது நல்ல தமிழ்தான். இதையே திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில், நூறு நாள் வேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பிய அம்மாவிடம் போனில் வாசித்தால் என்ன ஆகும்? மூன்றாவது சொல்லிலேயே அவர் கவனம் அடுப்புக்குப் போய்விடும். மரியாதைக்கு "ம்... ம்..." என்பார். மறுமுனையில் இருப்பவர் 'சம்மதம் பெறப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடிப்பார்.

ஆராய்ச்சிக்காக ஒருவரிடம் கேள்வி கேட்கும் முன், அது எதற்கு, என்ன கேட்போம், மறுக்கலாமா என்பதையெல்லாம் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். நேரில் போகும்போது தாளைக் காட்டலாம், முகத்தைப் பார்த்து மறுபடி சொல்லலாம், கைநாட்டு வாங்கலாம். 2020-இல் கொரோனா வந்து வீடு வீடாகப் போவது நின்றதும் பல ஆய்வுகள் போனுக்கு மாறின. போனில் நெறிமுறைக் குழு அனுமதித்தால் வாய்மொழிச் சம்மதம் போதும். தாளும் முகமும் இல்லாததால் எல்லாம் காதில் விழுவதைப் பொறுத்தே நடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73 விழுக்காடு. மற்றவர்களைக் கணக்கில் எடுக்காமல் கிராமத்து ஆய்வு எதுவும் நடத்த முடியாது.

சர்க்கரை மாத்திரையை மக்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று போனில் கேட்கும் ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சம்மத வாசகத்தைப் பேச்சுத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர் 'தங்கள்' என்பதை 'உங்க' என்று மாற்றி, விகுதிகளைச் சுருக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பார். முடியாது. எழுத்துத் தமிழில் எச்சங்கள் சங்கிலியாக நீண்டு, வினைமுற்று கடைசியில் வரும். கண்ணுக்கு அது சிரமமில்லை, திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று உடைக்க வேண்டும்: "நீங்க சொல்றத நாங்க எழுதி வச்சுக்குவோம். உங்க பேரு, ஊரு, போன் நம்பர் எதையும் வெளிய யாருக்கும் சொல்ல மாட்டோம். உங்களுக்கு மாத்திரை குடுக்கிற நர்சம்மாவுக்கும் நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரியாது."

கடைசி வாக்கியம் மூலத்தில் இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு 'மூன்றாம் நபர்' என்றால் அந்த நர்ஸ்தான். மாத்திரையை மறந்தேன் என்று சொன்னால் திட்டு விழுமோ என்பதே அவர் பயம். ஆய்வுத் திட்டத்தில் அந்த வாக்கு உண்மையிலேயே காப்பாற்றப்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைச் சேர்க்கலாம் என்பது வேறு விஷயம்.

சொற்களிலும் கண்ணி உண்டு. 'ஆய்வு' என்றால் கிராமத்தில் கலெக்டர் வந்து பார்ப்பது. 'பதிவு' என்றால் பத்திர ஆபீஸ். 'ரகசியம்' என்று சொன்னாலோ, அப்படி மறைக்கிற மாதிரி என்ன கேட்கப் போகிறார்கள் என்ற சந்தேகம்தான் எழும். "பேசுறத ரெக்கார்டு பண்ணிக்கிறோம்" என்பதில் ஆங்கிலம் இருக்கிறது, குழப்பம் இல்லை. தூய தமிழ்ப் பற்றை இந்த இடத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைப்பதே நாணயம்.

பயன் பற்றிய பகுதிதான் அதிகம் சறுக்கும் இடம். "இவ்வாய்வால் தங்களுக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை" என்பது மூலம். பெயரும் ஊரும் தெரிந்த ஒருவர் போனில் பேசினால், ஏதோ திட்டத்துக்குப் பெயர் எழுதுகிறார்கள் என்ற நம்பிக்கை தானாக வரும். வருகிற பணத்தை நிறுத்தப் போகிறார்கள் என்ற பயமும் கூடவே வரும். இரண்டையும் பெயர் சொல்லித்தான் போக்க முடியும்: "இதுல பேசுனா பணமோ சலுகையோ எதுவும் வராதும்மா. பேச மாட்டேன்னு சொன்னாலும் உங்க ரேஷன், உரிமைத் தொகை, நூறு நாள் வேலை எதுவும் நிக்காது." பேட்டி முடிந்ததும் "பணம் எப்ப வரும்?" என்று அவர் கேட்டால், அந்தச் சம்மதம் சரியாக வாங்கப்படவில்லை என்று அர்த்தம். அப்படிக் கேட்பவர்களைத் தனியாகக் குறித்து வைக்கும் குழு, தன் வாசகம் எங்கே ஓட்டை என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

இனி அந்த 'ம்'. தமிழில் கதை கேட்பவரும் 'ம்' கொட்டுகிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. 'சரி சரி' என்பதும் பல நேரம் அவ்வளவுதான். "உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?" என்று கேட்டால் இன்னும் மோசம். "ஆமா" என்றாலும் "இல்ல" என்றாலும் எதற்குச் சொன்னார் என்று ஒலிப்பதிவை எத்தனை முறை கேட்டாலும் விளங்காது. "புரிஞ்சுதாம்மா?" என்ற கேள்விக்குப் புரியவில்லை என்று சொல்லிப் பேசுகிறவரைச் சங்கடப்படுத்த யாரும் விரும்ப மாட்டார்கள்.

அதனால் கேட்பவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு இப்படிக் கேட்கலாம்: "நான் கொஞ்சம் வேகமா பேசிட்டேன்மா. நடுவுல போதும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா என்ன பண்ணலாம்னு சொன்னேன்?" இதற்கு 'ம்' என்று பதில் சொல்ல முடியாது. "வச்சுடலாம்னு சொன்னீங்க" என்றால் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. "கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லணும்" என்றால் அந்தப் பகுதியை வேறு சொற்களில் மறுபடி சொல்லி, மறுபடி கேட்க வேண்டும். அப்போதும் பிடிபடவில்லை என்றால் நன்றி சொல்லிப் போனை வைப்பதுதான் முறை. இது முடிந்த பிறகே "அப்ப கேள்வி கேக்கட்டுமா, வேண்டாமா?" என்று இரண்டு வழியையும் திறந்து வைத்துக் கேட்கலாம்.

போன் பெரும்பாலும் மகனுடையது, ஸ்பீக்கரிலும் இருக்கலாம். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா? இப்ப பேசலாமா, அப்புறம் கூப்பிடட்டுமா?" என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மகன் போனை வாங்கி "அம்மா பேசுவாங்க, நீங்க கேளுங்க" என்று சொல்வது மகனின் சம்மதம் மட்டுமே. ஓடிபி கேட்டு ஏமாற்றும் கும்பல்களுக்குப் பிறகு யார் பேசுகிறார்கள் என்ற சந்தேகமும் நியாயமானது. "ஆதார் நம்பர், பேங்க் நம்பர், ஓடிபி எதுவும் கேக்க மாட்டோம். எங்க பேரச் சொல்லி யாராவது கேட்டாலும் குடுக்காதீங்க" என்ற வரிகள் தொடக்கத்திலேயே வந்தால் மீதியைக் கேட்கும் பொறுமை பிறக்கும்.

இவ்வளவும் செய்து முடித்த வாசகம் நெறிமுறைக் குழுவுக்குப் போகும்போது இன்னொரு சிக்கல் உண்டு. மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழைக் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்வது வழக்கம். இதில் எழுத்துத் தமிழ் பிசிறில்லாமல் தேறிவிடும், ஏனென்றால் அது ஆங்கில மூலத்தின் நிழலாகவே எழுதப்பட்டது. நர்சம்மாவைச் சேர்த்த பேச்சு வாசகம்தான் 'மூலத்தில் இல்லாதது' என்று சிவப்பு மையில் திரும்பி வரும். பொருள் பிறழ்ந்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், காதில் ஏறுமா என்பதை அது சொல்லாது. அதற்கு, ஆய்வில் சேராத நான்கைந்து பேருக்கு அதே ஊர்ப் பக்கத்தில் போன் போட்டு வாசித்து, அவர்கள் திருப்பிச் சொன்னதை எழுதி இணைப்பதுதான் சான்று. வாசகத்தில் எந்த வரியை மாற்றாமல் சொல்ல வேண்டும், எங்கே அக்கா, ஐயா, 'ங்க' என்று வட்டாரத்துக்கு ஏற்றபடி மாற்றலாம் என்பதையும் அதிலேயே குறித்துவிட்டால் குழு மறுப்பதற்குக் காரணம் குறையும்.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்ற கடைசி வரியைத்தான் பலர் அப்படியே மொழிபெயர்த்து விட்டுவிடுகிறார்கள். பத்து இலக்க எண்ணைப் போனில் சொன்னால் எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? குறுஞ்செய்தி அனுப்பினாலும் படிக்க ஆள் தேட வேண்டும். "இப்ப வந்த இதே நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, நாங்களே கூப்பிடுறோம்" என்பது போதும். ஆனால் கால் சென்டர் இணைப்புகளில் பல, வெளியே பேச மட்டுமே அமைக்கப்பட்டவை, திருப்பிக் கூப்பிட்டால் போகாது. அந்த எண்ணுக்கு முதலில் ஆய்வுக்குழுவில் ஒருவர் தன் சொந்தப் போனிலிருந்து அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அந்த வரியை வாசகத்தில் எழுதலாம்.