அகலப் படம் நிமிரும்போது

2008இல் ஆம்ஸ்டர்டாமில் சிறு குழு ஒன்று 'பிக் பக் பன்னி' என்ற அனிமேஷன் குறும்படத்தை எடுத்தது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளை வளர்ப்பவர்களின் முயற்சி அது. சாச்சா கூடெகெபூரே இயக்கிய அந்தப் படம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சாதுவான குண்டு முயல் ஒன்றை ஃபிராங்க் என்ற பறக்கும் அணிலும் அதன் இரண்டு கூட்டாளிகளும் சீண்டுகிறார்கள்; பழம், கொட்டை, கல் என்று எது கிடைத்தாலும் எறிகிறார்கள். கடைசியில் முயல் பழி தீர்க்கிறது. படத்தை உருவாக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் வெட்டலாம், மாற்றலாம், வெளியிடலாம். படம் தயாரித்த மூலக் கோப்புகளையும் பொதுவில் கொடுத்திருக்கிறார்கள். அகலத் திரைக்குச் செய்த அனிமேஷனைக் கைப்பேசியின் நெட்டுக்குத்தான திரைக்கு எப்படி மாற்றுவது என்று பார்க்க இதைவிட வசதியான படம் கிடைப்பது அரிது.

கணக்கு சுலபம்தான். படத்தின் ஃபிரேம் 1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம். ரீல்ஸும் ஷார்ட்ஸும் கேட்பது இதற்கு நேர் எதிர்: 1080 அகலம், 1920 உயரம். பழைய ஃபிரேமின் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு அந்த வடிவத்தில் ஒரு துண்டை வெட்டினால் கிடைக்கும் அகலம் சுமார் 608 பிக்சல். அதாவது படத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சுகிறது. மிஞ்சியதையும் ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும் என்பதால் முயலின் ரோமம் மங்கிவிடும். இந்த இரண்டாவது குறைக்கு மருந்து உண்டு. 2013இல் இதே படம் 3840க்கு 2160 பிக்சல் அளவில் வெளிவந்தது. அதிலிருந்து வெட்டினால் துண்டே 1215 பிக்சல் அகலம் இருக்கும், பெரிதாக்கவே வேண்டாம். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு காட்சி போய்விடுவதற்கு எந்தத் துல்லியமும் ஈடாகாது.

ஒன்றும் வெட்டாமல் முழுப் படத்தையும் நடுவில் வைக்கலாமே? வைக்கலாம். அப்போது படம் 608 பிக்சல் உயரமுள்ள ஒரு பட்டையாகச் சுருங்கி, மேலும் கீழும் 656 பிக்சல் வெற்றிடம் நிற்கும். அந்த இடத்தை நிரப்ப அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் ஓட விடுவது இப்போது பரவலான வழக்கம். நேரலைச் செய்தித் துண்டுக்கு அது பரவாயில்லை. ஒவ்வொரு நிழலையும் யோசித்து வைத்த அனிமேஷனுக்குச் சுற்றிலும் நிறக் கலங்கலை ஓட விடுவது, படத்தைப் பார்க்க விடாமல் தொந்தரவு செய்வதுதான். வெற்றிடம் வேண்டியிருந்தால் ஒரே நிறத்தில் அமைதியாக விடுவது மேல்.

வெட்டும்போது எது தொலையும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் 'தி சிம்ப்சன்ஸ்' தொடர். பழைய தொலைக்காட்சியின் 4:3 வடிவத்துக்குச் செய்த அத்தியாயங்களை 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்கி வெளியிட்டது. டஃப் பீர் ஆலைக் காட்சி ஒன்றில் மூன்று வகை பீர் மூன்று தொட்டிகளில் நிரம்பும். மூன்றுக்கும் மேலே ஓடுவது ஒரே குழாய். நகைச்சுவை முழுவதும் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. நறுக்கியதில் குழாய் போய், வெறும் தொட்டிகள் மட்டும் நின்றன. ரசிகர்கள் இரண்டு ஃபிரேம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு, 2020 மே மாதத்தில் பழைய வடிவத்திலேயே பார்க்கும் வசதி வந்தது. திசை வேறு, பாடம் அதேதான்: வெட்டுவதற்கு முன்னால் அந்த ஷாட்டின் பொருள் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முயல் படத்துக்கே வருவோம். ஃபிராங்க் ஒரு கொட்டையை எறிகிறது, அது முயலின் தலையில் விழுகிறது என்ற மாதிரி ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம். அணில் இடப்பக்கம் 400ஆவது பிக்சலில், முயல் வலப்பக்கம் 1450இல். நடுவில் 1050 பிக்சல் இடைவெளி. நம் ஜன்னலோ 608தான். இருவரும் ஒருசேர ஒருபோதும் தெரியமாட்டார்கள்.

எடிட்டிங் மென்பொருளில் பலரும் முதலில் கை வைப்பது ஜன்னலை நகர்த்துவதில்தான். அணிலிடம் ஒரு கீஃபிரேம், முயலிடம் ஒரு கீஃபிரேம்; மிச்சத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். கொட்டை அரை விநாடியில் பறந்துபோய் விழுகிறது என்றால், விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது 12 ஃபிரேம். பன்னிரண்டு ஃபிரேமில் ஜன்னல் 1050 பிக்சல் ஓட வேண்டும். ஃபிரேமுக்கு 87 பிக்சல், அதாவது திரை அகலத்தில் ஏழில் ஒரு பங்கு. கண்ணால் அதைத் தொடர முடியாது. பின்னணி வெட்டி வெட்டித் துள்ளும். இன்னொரு சங்கடமும் உண்டு. உண்மையான கேமரா நகரும்போது பக்கத்திலுள்ள புல் வேகமாகவும் தூரத்து மரம் மெதுவாகவும் நகரும். ஜன்னல் நகரும்போது எல்லாம் ஒரே வேகத்தில் வழுக்கும். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ ஒரு அட்டையை இழுக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். பாத்திரம் தானே நடந்துபோகும்போது அதன் கூடவே ஜன்னலும் மெதுவாகப் போனால் மட்டும் இது மறைந்துகொள்ளும்.

இந்த இடத்தில் நகர்த்துவதைவிட வெட்டுவதே நல்லது. ஒரு ஷாட்டை இரண்டாக்க வேண்டும்: அணில் எறிகிறது, கொட்டை ஃபிரேமை விட்டுப் போகிறது, வெட்டு, முயல் நிற்கிறது, கொட்டை வந்து விழுகிறது. நேரம்தான் இதில் சிக்கல். அகல ஃபிரேமில் காரணமும் விளைவும் ஒரே சமயத்தில் கண்ணில் படுகின்றன. முயல் அசையாமல் நிற்பதை நாம் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறோம். குறுகிய ஃபிரேமில் வெட்டு விழுந்த பிறகுதான் முயலையே பார்க்கிறோம். அடுத்த நொடித்துளியில் அடி விழுந்தால் என்ன நடந்தது என்றே பிடிபடாது. அதனால் இரண்டாவது துண்டை ஏழெட்டு ஃபிரேம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். முயல் சும்மா நிற்கும் நேரம் என்பதால், அந்த மூன்றில் ஒரு விநாடி இரண்டு முறை ஓடுவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் ஷாட் நீண்டுவிட்டது. இசையும் ஒலியும் இனி எட்டு ஃபிரேம் முந்திக்கொண்டு போகும். பேச்சும் இசையும் விளைவொலியும் தனித்தனித் தடங்களாகக் கையில் இருந்தால் சரிசெய்துவிடலாம். கலந்த ஒரே தடம்தான் இருக்கிறது என்றால், நீட்டிய அளவை அடுத்த ஷாட்டின் அமைதியான பகுதியிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது எந்தப் படத்துக்கும் பொருந்தும். முப்பரிமாண அனிமேஷனுக்கு இன்னொரு வழி இருக்கிறது: காட்சியையே திறந்து, கேமராவைத் திருப்பி வைத்து, புதிதாக ரெண்டர் செய்வது. பிக்ஸார் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்தது. 1998இல் வந்த 'எ பக்ஸ் லைஃப்' சினிமாஸ்கோப் வடிவத்தில் அந்நிறுவனம் எடுத்த முதல் படம். வீட்டு வீடியோவுக்கான சதுர வாட்டப் பதிப்புக்குப் பக்கங்களை வெறுமனே நறுக்காமல், தேவையான ஷாட்டுகளில் எறும்புகளை நெருக்கி நிறுத்தினார்கள். மேலும் கீழும் காட்சியை நீட்டி மறுபடி ரெண்டர் செய்தார்கள்.

பிளெண்டரில் இதற்கு முதல் படி இரண்டு எண்களை மாற்றுவது: Resolution X என்ற இடத்தில் 1080, Resolution Y என்ற இடத்தில் 1920. கேமராவின் Sensor Fit, Auto என்று இருந்தால் அடுத்து நடப்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நீளமான பக்கம் எதுவோ அதற்குத்தான் லென்ஸின் கோணத்தை மென்பொருள் பொருத்துகிறது. ஆகவே முன்பு பக்கவாட்டில் தெரிந்த பரப்பு இப்போது மேலும் கீழும் தெரியும். முன்பு உயரத்தில் தெரிந்தது இப்போது அகலத்தில் தெரியும். கேமராவையே குத்தாகப் பிடித்த மாதிரிதான். வெட்டினால் 608 பிக்சல் அகலத்துக்கான காட்சிதான் கிடைத்தது. இப்போது 1080க்கான காட்சி கிடைக்கிறது. நம் அணிலும் முயலும் இருப்பது 1050 இடைவெளியில் அல்லவா? ஃபிரேமின் இரண்டு ஓரத்திலும் பாதிப் பாதியாக ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி, மேலும் கீழும் புதிதாகத் திறந்த இடம். அனிமேஷனில் கேமராவுக்குத் தெரியாததை யாரும் செய்து வைப்பதில்லை. இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும் பாத்திரத்தின் கால்கள் தரைக்குள் புதைந்திருக்கலாம். ஃபிரேமின் விளிம்போடு புல் நின்றுபோயிருக்கலாம்; மரத்துக்கு உச்சியே இல்லாமல் இருக்கலாம். முழு ரெண்டருக்குப் போவதற்கு முன், ஒவ்வொரு ஷாட்டின் முதல், நடு, கடைசி ஃபிரேம்களைக் குறைந்த தரத்தில் எடுத்து, நான்கு விளிம்புகளையும் பார்த்துவிட்டால் இவை முதலிலேயே பிடிபடும்.

இருவரையும் ஒரே ஃபிரேமில் கொண்டுவர நல்ல வழி, அகலத்தை ஆழமாக மாற்றுவது. கேமராவை அணிலின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனால் அணில் முன்னால் பெரிதாக, ஃபிரேமின் ஒரு பக்கத்தில் நிற்கும். முயல் தூரத்தில், சற்று மேலே தெரியும். கொட்டை இடமிருந்து வலமாகப் பறக்காமல் நம்மைவிட்டு உள்ளே போகும். எறிவதும் விழுவதும் மறுபடி ஒரே பார்வையில் அகப்படுகின்றன. இதற்கும் விலை உண்டு. பக்கவாட்டிலிருந்து பார்க்கச் செய்த கை வீச்சு பின்னாலிருந்து பார்த்தால் உடம்புக்குள் மறைந்துவிடும்; அனிமேட்டர் அந்தச் சில ஃபிரேம்களையாவது திரும்பச் செய்ய வேண்டும். முயல் படத்தில் கூடுதலாக ஒரு தடை. அதை ரெண்டர் செய்த பழைய இயந்திரத்தையே 2019இல் வந்த பிளெண்டர் 2.80 நீக்கிவிட்டது. இன்றைய பதிப்பில் திறந்தால் நிறங்களையும் ஒளியையும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். அதனால் பெரும்பாலான ஷாட்டுகளுக்கு 2013 பதிப்பிலிருந்து வெட்டிக்கொள்வதும், வெட்டினால் பொருள் கெடும் சிலவற்றுக்கு மட்டும் மூலக் கோப்பைத் திறப்பதும்தான் நடைமுறை. மேலிருந்து ஆப்பிள் விழுந்து பட்டாம்பூச்சியை நசுக்குவது போன்ற நிகழ்வுகள் நெட்டுக்குத்துத் திரைக்கென்றே பிறந்தவை. அவற்றில் வேலை குறைவு.

ஃபிரேம் உயரமாகிவிட்டது என்பதற்காக அந்த உயரம் முழுவதும் நம் கைக்கு வந்துவிடாது. மேலே செயலியின் பெயரும் கீழே கணக்கின் பெயரும் விவரிப்பும், வலப்பக்கம் விருப்பக் குறிகளும் படத்தின் மேலேயே ஏறி உட்காரும். ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா தரும் வழிகாட்டுதலில் மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், பக்கங்களில் 6 சதவீதம் என்று முக்கியமானது எதுவும் வராமல் ஒதுக்கச் சொல்கிறார்கள். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 950க்கு 980 பிக்சல்; கிட்டத்தட்ட ஒரு சதுரம். முகம், கை, அடி விழும் இடம் எல்லாம் அந்தச் சதுரத்துக்குள் வர வேண்டும். வானமும் புல்லும் வெளியே இருக்கலாம். கணினியில் வேலை செய்யும்போதே அந்தச் சதுரத்தை ஒரு கோடாகப் படத்தின் மேல் போட்டு வைத்துக்கொள்வது எளிது.

படத்தை உருவாக்கியவர்களின் பெயருக்கும் இதே கணக்குதான். அகலப் படத்தில் வழக்கம்போல் அடியில் எழுதினால், கைப்பேசியில் அது விவரிப்புக்குப் பின்னால் புதைந்துபோகும். 'பிக் பக் பன்னி, பிளெண்டர் ஃபவுண்டேஷன்' என்ற வரியைச் சதுரத்துக்குள் மேல்பாதியில், இரண்டு விநாடியாவது நிற்கும்படி வைத்துவிட வேண்டும்.