வெட்டிய நுனி காட்டிக்கொடுக்கும்

காலையில் ஓடி முடித்ததும் பாதையை ஸ்ட்ராவா செயலியில் பகிர்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வரைபடத்தில் கோடு தொடங்குவதும் முடிவதும் அவர்கள் வீட்டு வாசலில்தான். அதனால் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் குறித்து, அதற்குள் விழும் பகுதியைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் வசதியைச் செயலி தருகிறது. வட்டத்தின் ஆரத்தை 200 மீட்டரிலிருந்து 1600 மீட்டர் வரை வைத்துக்கொள்ளலாம்.

மறைத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. திங்களன்று கிழக்கே ஓடுகிறீர்கள், செவ்வாயன்று வடக்கே, புதனன்று தெற்கே. மூன்று கோடுகளும் வட்டத்தின் விளிம்பில் அறுபட்டு நிற்கும். மூன்று புள்ளிகள் கிடைத்தால் அவற்றின் வழியே செல்லும் வட்டத்தை வரைந்து மையத்தைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. வட்டம் வீட்டையே மையமாகக் கொண்டிருந்தால், அந்த மையத்தில்தான் உங்கள் வீடு இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் பொதுவில் கிடைத்த இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசினார்கள். ஓரளவு தொடர்ந்து ஓடுபவர்களில் 95 சதவீதம் பேர் வரை இப்படி அகப்படக்கூடும் என்பது அவர்கள் கண்டது.

மையத்தைச் சற்று நகர்த்தினால் இந்தக் கணக்கு பலிக்காது. வீட்டு முகவரிக்குப் பதிலாக அடுத்த தெருமுனையைக் கொடுத்து, வீடும் வட்டத்துக்குள் அடங்கும்படி ஆரத்தைப் பெரிதாக்கினால் போதும்.

ஆனால் இன்னொரு வழியிலும் கசிவு உண்டு. அதைப் பலர் கவனிப்பதே இல்லை. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தினர் 2022-ல் அதை விளக்கினார்கள். கோடு வெட்டப்பட்டாலும், பதிவில் காட்டப்படும் மொத்தத் தூரம் வெட்டப்படாமல் இருந்தால் என்ன ஆகும்? 5 கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவு சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் கோட்டை அளந்தால் 4.2 கிலோமீட்டர்தான். மீதி 800 மீட்டர் வட்டத்துக்குள் ஓடியது. போனதும் வந்ததும் ஒரே தெருவழி என்றால், அறுபட்ட நுனியிலிருந்து வாசல்வரை 400 மீட்டர். தெருக்களின் வரைபடத்தில் அந்த நுனியிலிருந்து 400 மீட்டர் அளந்தால் சில வாசல்களே மிஞ்சும். வேறு திசையில் ஓடிய நாளின் கணக்கையும் சேர்த்தால் அவற்றிலும் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும்.

ஆகவே எனக்கு நம்பிக்கை தருவது மறைப்பதல்ல, பதியாமலே விடுவது. இரண்டு தெரு நடந்துபோய்ப் பதிவைத் தொடங்க வேண்டும். திரும்பும்போதும் வீட்டுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். எப்போதும் ஒரே முனையாக இருக்கக் கூடாது. வீடுகள் நெருங்கிய தெருவில் சிறிய வட்டமும் ஓரளவு காக்கும். வயல் நடுவே இரண்டே வீடுகள் உள்ள இடத்தில் பெரிய வட்டமும் உதவாது. அங்கே வரைபடத்தையே முழுக்க மறைப்பதுதான் வழி.

செய்ததைச் சரிபார்க்க, உங்கள் கணக்கிலிருந்து பார்க்காதீர்கள். உங்களைப் பின்தொடராத ஒருவரின் கைபேசியில் பாருங்கள். கூட ஓடும் தோழியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவர் உங்கள் வாசலிலிருந்து ஓடத் தொடங்கினால், அவருடைய கோடு எதையும் மறைக்காது.